மூன்று கிலோ எங்கே போயிற்று?
சோற்றை நிறுத்தியவர்களின் எடைக் கணக்கு

"சோற்றைத் தொடாதே! இட்லி, தோசை வேண்டாம்! முட்டை, இறைச்சி, வெண்ணெய், பாதாம் சாப்பிடு!"

ஊரெங்கும் இதே பேச்சு. சிலர் இதைப் 'பேலியோ' என்கிறார்கள். சிலர் 'கீட்டோ' என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் இரண்டுக்கும் ஒரே கொள்கைதான்.

"ஒரே வாரத்தில் மூன்று கிலோ குறைந்துவிட்டது" என்று பூரிப்போடு சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், குறைந்தது அத்தனையும் கொழுப்புதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

புதிய சங்கதியா?

இது நேற்று பிறந்த யோசனை அல்ல. லண்டன் நகரத்தில் வில்லியம் பேன்டிங் என்று ஒருவர் இருந்தார். ஈமச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்வது அவருடைய தொழில். மிகவும் பருத்த உடம்பு அவருக்கு. ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றைக் குறைத்து உடல் இளைத்தார். அந்த அனுபவத்தை 1863-ம் ஆண்டில் சிறு புத்தகமாகவும் வெளியிட்டார். அது பரபரப்பாக விற்றது.

கொழுப்பின் கணக்கு

80 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் உடம்புக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 2,000 கலோரி செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலோரி என்பது உணவு தரும் சக்தியின் அளவு.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால், ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,100 கலோரி. அவருடைய ஒரு வாரச் செலவோ 14,000 கலோரிதான். ஏழு நாளும் முழுப் பட்டினி கிடந்தால்கூட இரண்டு கிலோ கொழுப்பு கரையாது! அவரோ மூன்று வேளையும் சாப்பிட்டார். அப்படியானால் மூன்று கிலோ எங்கே போயிற்று?

போனது தண்ணீர்!

நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு சேமித்து வைக்கிறது. ஈரலிலும் தசைகளிலும் அது தங்குகிறது. இதற்குக் 'கிளைக்கோஜன்' என்று பெயர். மொத்தம் அரைக் கிலோ அளவு இருக்கும். இது தனியாகத் தங்குவதில்லை. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

சோற்றை நிறுத்தியதும் உடம்பு இந்தச் சேமிப்பில் கை வைக்கிறது. சில நாட்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. இதிலேயே ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ குறைந்துவிடும். அதோடு, சிறுநீர் வழியாக உப்பும் கூடுதலாகப் போகிறது. உப்போடு இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகிறது. முதல் வாரத்தில் சிலருக்குத் தலைவலியும் களைப்பும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்யாண விருந்து

நம்முடைய 80 கிலோக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். இரண்டு நாள் சோறும் பாயசமுமாகச் சாப்பிடுகிறார். திரும்பி வந்து எடை பார்த்தால் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது! "பட்ட பாடெல்லாம் வீண்" என்று தலையில் கை வைக்கிறார்.

வீண் அல்ல. இரண்டு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், தேவைக்கு மேல் 15,000 கலோரிக்கு அதிகமாக அவர் சாப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் விருந்தில் அது நடக்கிற காரியமா? போன தண்ணீர்தான் பெரும்பாலும் திரும்பி வந்திருக்கிறது.

உண்மையில் கொழுப்பு கரைகிறதா என்பதை எப்படி அறிவது? முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூன்றாவது, நான்காவது வாரங்களைப் பார்க்க வேண்டும். தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கரையும். இடுப்பளவும் மெல்ல மெல்லக் குறையும்.

ஓர் ஆண்டு சோதனை

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். மற்றொரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்தார்கள். ஓர் ஆண்டு முடிவில் முதல் பிரிவினருக்குச் சராசரியாக 6 கிலோ குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு பிரிவிலும் நிறைய இளைத்தவர்களும் உண்டு, எடை கூடியவர்களும் உண்டு.

ஆகவே, சோற்றைக் குறைப்பதும் ஒரு வழி. அது மட்டுமே வழி அல்ல.

யாருக்கு ஆபத்து?

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடக் கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு இதில் இறங்கக் கூடாது. இவர்கள் முதலில் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவருடைய வேலை.

மற்றவர்கள், முதல் வாரத்து மூன்று கிலோவைக் கண்டு துள்ளவும் வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு ஏறிய இரண்டு கிலோவைக் கண்டு துவளவும் வேண்டாம்.