பூ இதழைத் துரத்திய ட்ரோன்!

போன மாதம் தென்னூரில் சித்தி பொண்ணு ரிசப்ஷன். மண்டபத்துக்குள் வீடியோகிராஃபர் அண்ணன் சின்ன ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டார். மணமக்கள் நடந்துவரும் பாதைக்கு மேலே, சுமார் 2 மீட்டர் உயரத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது. அவர் ரிமோட்டின் குச்சிகளைத் தொடவே இல்லை.

சிவப்புக் கம்பளத்தில் ரோஜா இதழ்களைக் கொட்டியதும் கதை மாறியது. பெடஸ்டல் ஃபேன் காற்றும் ட்ரோனின் காற்றும் சேர்ந்து இதழ்களை மேடைப் பக்கம் ஓட்ட, ட்ரோனும் அவற்றின் பின்னாலேயே நகர ஆரம்பித்தது. அண்ணன் சட்டென்று தரையிறக்கிவிட்டார்.

"என்னண்ணே ஆச்சு?"

"அது கண்ணு தரையிலதானே இருக்கு தம்பி. தரை ஓடுதுன்னு நெனச்சுருச்சு."

இந்த ஒரு வரிக்குள் முழு விஷயமும் இருக்கிறது.

வெட்டவெளியில் ட்ரோன் ஒரே இடத்தில் நிற்க ஜி.பி.எஸ். உதவுகிறது. அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் இருப்பவை. அவற்றின் மெல்லிய சிக்னல் கான்கிரீட் கூரையைத் தாண்டி ஒழுங்காக வந்து சேராது. அதனால் மண்டபத்துக்குள் ட்ரோன் நம்புவது தன் வயிற்றுப் பக்கம் இருக்கும் இரண்டு சென்சார்களை.

ஒன்று, 'ஆப்டிகல் ஃப்ளோ' கேமரா. கம்ப்யூட்டர் மவுஸின் அடியில் இருப்பதற்கு இது சொந்தக்காரன். தரையை நொடிக்குப் பல முறை படமெடுத்து, முந்தைய படத்தில் இருந்த புள்ளி இப்போது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்க்கும். இன்னொன்று, தரைக்கு ஒளியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து உயரம் சொல்லும் ரேஞ்ச்ஃபைண்டர்.

ஏன் இரண்டும் வேண்டும்? ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து மரம் பறக்கும், தூரத்து மலைக்கோட்டை மெதுவாக நகரும். ரயிலின் வேகம் ஒன்றுதான், தூரம்தான் வேறு. கேமராவுக்குத் தெரிவது கோண வேகம் மட்டுமே. அதை உயரத்தால் பெருக்கினால்தான் உண்மையான வேகம் கிடைக்கும். கேமரா நொடிக்கு 0.1 ரேடியன் என்கிறது, உயரம் 2 மீட்டர் என்றால், ட்ரோன் நொடிக்கு 20 செ.மீ. நகர்கிறது. உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்து அதை நிறுத்தும். உயரத்தைத் தவறுதலாக 1 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், வேகம் பாதியாகத் தெரியும், பிரேக்கும் பாதிதான் விழும்.

ட்ரோன் சாய்ந்தாலும் படம் நகருமே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அந்தச் சாய்வை ஜைரோ சென்சார் அளந்து சொல்ல, கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள்.

இப்போது இதழ்களுக்கு வருவோம். இதழ்கள் மேடைப் பக்கம் ஓடின. தரை நகராது என்பதுதான் ட்ரோனின் அடிப்படை நம்பிக்கை. ஆகவே, 'நான்தான் மேடையை விட்டு விலகுகிறேன்' என்று முடிவு செய்து, மேடையை நோக்கிப் போனது. தன் கணக்குப்படி அது நின்ற இடத்திலேயே நிற்கிறது!

அடையாளமே இல்லாத தரையும் ஆபத்துதான். பளபளக்கும் கிரானைட், வெள்ளை விரிப்பு, விளக்கணைத்த ஹால், இங்கெல்லாம் பின்தொடர ஒரு புள்ளி கிடைக்காது.

செவ்வாயிலும் இதுவே நடந்தது. அங்கே ஜி.பி.எஸ். கிடையாது. நாசாவின் 'இன்ஜெனியூட்டி' ஹெலிகாப்டரும் கீழ்நோக்கிய கேமரா, லேசர் உயரமானி ஆகியவற்றை நம்பித்தான் 2021 ஏப்ரல் 19-ல் முதன்முதலில் பறந்தது. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2024 ஜனவரி 18-ல், 72-வது பறப்பில் கீழே இருந்தது அடையாளங்கள் குறைந்த மணல் அலைகள். கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காமல், பக்கவாட்டு வேகத்தோடு தரையிறங்கியதில் இறக்கைகள் சேதமாகியிருக்கலாம் என்பது நாசா ஆய்வின் முடிவு.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்த முறை வேகத்தை அளந்து, கூட்டிக் கூட்டித்தான் இடத்தைக் கணிக்கிறது. நொடிக்கு 2 செ.மீ. பிழை ஒரே பக்கமாக இருந்தால், ஒரு நிமிடத்தில் 120 செ.மீ. நகர்ந்துவிடும். மண்டபத்தில் அது ஒரு விருந்தாளியின் தலைக்கு மேலே!

அண்ணன் செய்யும் சோதனை எளிது. கூட்டம் வருவதற்கு முன்பு, படமெடுக்கப்போகும் அதே வெளிச்சத்தில், தரையில் ஒரு டேப் ஒட்டி, அதற்கு மேலே ட்ரோனை ஒரு நிமிடம் நிறுத்துவார். டேப்பை விட்டு மெல்ல விலகினால், தரையில் அடையாளமோ வெளிச்சமோ போதவில்லை. ஊஞ்சல் மாதிரி ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போனால், கணக்கில் கோளாறு, அன்று பறக்கவிடமாட்டார்.

அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். "டேப் வெச்சப்போ பூ கொட்டலையே தம்பி" என்றார். இப்போது அவர் சோதனையில் ஒரு கைப்பிடி இதழும் சேர்ந்துவிட்டது.