இரண்டாவது பூட்டு போட்டாச்சா?

போன சனிக்கிழமை கிள்ளானிலிருந்து ஓர் அக்கா கோமூட்டர் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் என்னைப் பார்க்க வந்தார். இரண்டு வருடமாக வீட்டுச் சமையல் காணொளிகளை யூடியூப்பில் போடுகிறவர். கையில் கைப்பேசி, முகத்தில் கோபம்.

"தம்பி, ஆயிரம் சந்தாதாரர் தாண்டியாச்சு, நாலாயிரம் மணி நேரமும் தாண்டியாச்சு. ஆனா விண்ணப்பிக்க விடமாட்டேங்குது. வெரிஃபை பண்ணு வெரிஃபை பண்ணுன்னு சொல்லுது. நான்தான் அன்னைக்கே பண்ணிட்டேனே!"

அக்கா சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் செய்தது வேறு வெரிஃபை. முன்பு youtube.com/verify பக்கத்தில் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, வந்த குறியீட்டைத் தட்டியிருக்கிறார். அது 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளி போடுவது போன்ற வசதிகளுக்காகச் சேனலுக்கு ஒரு முறை செய்வது. பங்காளர் திட்டத்தில் சேரக் கேட்கப்படுவது வேறு. உங்கள் கூகல் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது, கடவுச்சொல் சரியாக இருந்தாலும், கைப்பேசியில் இன்னொரு ஒப்புதல் தந்த பிறகே கதவு திறக்க வேண்டும்.

இதை ஊகிக்கத் தேவையில்லை, இரண்டு இடத்தில் பார்த்துவிடலாம். முதலில் யூடியூப் ஸ்டூடியோவில் Earn என்ற பகுதி. சந்தாதாரர், மணி நேரக் கணக்கோடு இந்த நிபந்தனையும் அங்கே இருக்கும். அடுத்து myaccount.google.com சென்று, Security பகுதியில் 2-Step Verification என்ற வரியைப் பாருங்கள். இயங்குகிறதா இல்லையா என்று அங்கேயே தெரியும். அக்காவின் கணக்கில் அது போடப்படவே இல்லை.

"சரி, போட்டுடலாம்" என்று தொடங்கினோம். எந்த எண்ணுக்குக் குறியீடு வரவேண்டும் என்று கேட்டது. அக்கா யோசிக்காமல் ஓர் எண்ணைச் சொன்னார். யாருடையது என்று கேட்டேன். கடைக்கு வாங்கிய ப்ரீபெய்ட் எண்ணாம், இப்போது உதவிக்கு இருக்கும் பையனிடம் இருக்கிறதாம். டாப்-அப் செய்யாமல் விட்டால் அந்த எண் செத்துப்போகும், பிறகு வேறொருவர் கைக்கும் போகலாம். அவர் தினமும் கையில் வைத்திருக்கும் எண்ணையே கொடுக்கச் சொன்னேன். அதோடு 10 மாற்றுக் குறியீடுகளை எடுத்துத் தாளில் எழுதினோம். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு முறைதான் செல்லும். கைப்பேசி தொலைந்தால் கணக்குக்குள் நுழைய அவை கைகொடுக்கும். அடையாள அட்டை நகலோடு அலமாரியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அரை மணி நேரத்தில் மகனிடமிருந்து அழைப்பு. பூச்சோங்கில் உட்கார்ந்து காணொளி வெட்டி ஒட்டுவது அவன்தான். அம்மாவின் கடவுச்சொல்லையே பயன்படுத்தி வந்திருக்கிறான். இப்போது அவன் உள்ளே போக முயன்றால், அம்மாவின் கைப்பேசிதான் சத்தம் போடுகிறது. பலர் இந்தக் கட்டத்தில்தான் எரிச்சலாகி, இரண்டாவது பூட்டைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்ற வேண்டாம். ஸ்டூடியோவில் Settings, பிறகு Permissions சென்று, அவனுடைய சொந்த ஜிமெயிலை Editor ஆக அழைத்தோம். இனி அம்மாவின் கடவுச்சொல் அவனுக்குத் தேவையில்லை. தன் கணக்கில் அவனும் இரண்டாவது பூட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே சம்பாதித்துக்கொண்டிருந்த சேனல்களுக்கும் 2021 நவம்பர் 1 முதல் இது கட்டாயமானது. விளம்பர வாய்ப்பு தருவதாக மின்னஞ்சல் அனுப்பி, சேனல்களைத் திருடி விற்கும் கும்பல்களைப் பற்றி அதற்கு முந்தைய மாதம்தான் கூகல் விரிவாக எழுதியிருந்தது.

ஆனால் இந்தப் பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய சேனலே களவு போனது. விளம்பர ஒப்பந்தம் போல வந்த கோப்பை ஓர் ஊழியர் திறந்தார். அதிலிருந்த நச்சு நிரல், உலாவியில் ஏற்கெனவே திறந்திருந்த நுழைவு அடையாளத்தையே திருடிவிட்டது. உள்ளே போய்விட்ட ஆளின் நுழைவுச் சீட்டைப் பறித்த கதைதான். கடவுச்சொல்லும் கேட்கவில்லை, குறியீடும் கேட்கவில்லை. ஆகவே, மசாலா நிறுவனம் என்று சொல்லி யாராவது கோப்பு அனுப்பினால், காணொளி வெட்டும் கணினியில் திறக்காதே என்று மகனிடம் அக்காவே சொன்னார்.

மாலையில் Earn பக்கத்தைத் திறந்து விண்ணப்பித்தோம். பரிசீலனைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். "அப்போ தீபாவளி முறுக்குக் காணொளிக்குக் காசு வருமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே ரயிலுக்குக் கிளம்பினார்.

உங்கள் வீட்டிலும் ஒரு சேனல் ஆயிரத்தை நெருங்குகிறதா? மணி நேரம் நிறையும்வரை காத்திருக்காமல், இன்றைக்கே அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.