ஊட்டி என்று மாற்றிப் பாருங்கள்

வாரப்பத்திரிகைக் கதைகளிலும் பாத்திரங்கள் தட்டைதானே, கதை எழுதும் ஏ.ஐ. மெஷினை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள் என்கிறார் நண்பர். மெஷின் எழுதியதென்று அவர் அனுப்பிய ஏற்காட்டுக் கதையில் மீரா ஏப்ரலில் தேயிலை பறிக்கிறாள். கடைசிப் பத்தியில் ஏரிக்கரைப் பனிமூட்டத்தில் அப்பாவோடு சமாதானமாகிறாள். ஏற்காடு காபி மலை ஐயா. கோடை மழை விழுந்தால் ஏப்ரல் வாக்கில் செடி பூத்து நிற்கும். பழம் பறிப்பு நவம்பர் வாக்கில்தான் சூடுபிடிக்கும். ஊர்ப்பெயரை ஊட்டி என்று மாற்றினால் கதை இன்னும் சரியாகிவிடும்!

சோம்பேறி எழுத்தாளர்களுக்குக்கூட ஆளுக்கொரு சோம்பல் உண்டு. மெஷினோ அடுத்து வர அதிக வாய்ப்புள்ள சொல்லின் பக்கமே சாய்கிறது. கேட்டவருக்கெல்லாம் அதே மீரா, அதே சமாதானம். வேறு பெயர் வை என்றால் பெயர் மட்டும் மாறும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் நிழலில், பழம் எடைபோடுகையில் மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்கிறவள் அந்தக் கதையில் எங்கே?