மறுபடி அனுப்பினால் மட்டும் போதாது

நம்பகமான தரவுப் பரிமாற்றத்தைப் பிழையே இல்லாத வழியில் தொடங்கி, பாக்கெட்டைத் தொலைக்கும் வழி வரைக்கும் ஸ்டேட் மெஷின் போட்டுப் படிப்படியாகச் சொல்லித் தருவது நேர விரயம் என்று நண்பர் எழுதியிருக்கிறார். குரோஸும் ராஸும் தங்கள் பாடநூலில் rdt 1.0 முதல் rdt 3.0 வரை ஏறும் அந்தப் படிகளைத் தூக்கிவிட்டு நேராக டிசிபிக்குப் போய்விடலாமாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வட்டமும் அம்பும் வேண்டாம், ஓடுகிற நிரல் கையில் இருந்தால் போதும் என்கிறார். நம் பிள்ளைகளுக்குக் காரணம் தெரிய வேண்டாம், நகலெடுக்கத் தெரிந்தால் போதும் என்பதுதான் இதற்கு அர்த்தம். இந்த எண்ணம் தவறு. அதைத் தாங்கி நிற்கும் நிரல் அதைவிடப் பெரிய தவறு.

வத்திராயிருப்புக்கு மேற்கே பிளவக்கல் அணைப் பக்கம் ஒரு மழைமானி வைத்து, ரேடியோ வழியாக ஊருக்குள் தகவல் அனுப்புவதாக அவரே ஓர் உதாரணம் தருகிறார். மழைமானிக்குள் சின்ன வாளி ஒன்று இருக்கும். அரை மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை அது கவிழும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு பாக்கெட் போகும், ஊரிலுள்ள பெட்டி எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு ஒப்புகை அனுப்பும். இதற்கு அவர் போதும் என்று சொல்லும் நிரல் இவ்வளவுதான்:

```
do {
  send(pkt);
} while (!wait_ack(TIMEOUT));
```

இதை அவர் வழியிலேயே ஓட்டிப் பார்ப்போம். மலையில் ஒரு மணி நேரத்தில் வாளி 20 முறை கவிழ்கிறது, அதாவது 10 மில்லிமீட்டர் மழை. 20 பாக்கெட்டும் ஊருக்குச் சேர்ந்துவிட்டன. திரும்பி வந்த ஒப்புகைகளில் மட்டும் ஆறு மின்னல் இரைச்சலில் காணாமல் போயின. மலையிலுள்ள பெட்டி அந்த ஆறையும் மறுபடி அனுப்புகிறது. ஊர்ப் பெட்டிக்கு அவை பழையவை என்று தெரிய வழியே இல்லை, கூட்டிக்கொள்கிறது. கணக்கில் ஏறுவது 26 கவிழ்ப்பு, 13 மில்லிமீட்டர். பெய்யாத மழை மூன்று மில்லிமீட்டர் பதிவேட்டில் ஏறிவிட்டது. இத்தனைக்கும் வழியில் ஒரு தரவு பாக்கெட்கூடத் தொலையவில்லை.

அதே மூன்று வரி எதிர்ப்பக்கமும் தவறும். காத்திருக்கும் நேரம் இரண்டு விநாடி என்று வைப்போம். ஏழாவது கவிழ்ப்பின் ஒப்புகை சற்றுத் தாமதமாகக் கிளம்புகிறது. அது வருவதற்குள் மலைப்பெட்டி ஏழை மறுபடி அனுப்பிவிடுகிறது. பிறகு முதல் ஒப்புகை வந்து சேர, எட்டாவதை அனுப்புகிறது. எட்டு வழியில் தொலைகிறது. அந்த நேரத்தில், இரண்டாம் முறை போன ஏழுக்கான ஒப்புகை வந்து நிற்கிறது. அது எதற்கான ஒப்புகை என்று நிரல் கேட்பதே இல்லை. எட்டு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி ஒன்பதுக்குத் தாவிவிடுகிறது. எட்டாவது கவிழ்ப்பு இனி யார் கணக்கிலும் வராது. ஒரே நிரல் இல்லாததைக் கூட்டுகிறது, இருப்பதைத் தொலைக்கிறது. இதைத்தான் ‘ஓடுகிற நிரல்’ என்று பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்கிறார்.

அவர் வெட்டி எறியச் சொல்லும் படிகள் இந்தக் கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டவே இருக்கின்றன. rdt 1.0-வில் வழி பிழையற்றது, அனுப்புநருக்கு ஒரே நிலை. அப்படி ஒரு வழி உலகில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். இல்லைதான். ஆனால் இனி சேரும் ஒவ்வொரு உறுப்பும் எந்தக் கோளாறுக்காக வந்தது என்று தெரிய வேண்டுமானால், எதுவும் சேராத நிலையை ஒருமுறை பார்த்தாக வேண்டும். rdt 2.0-வில் பிட்கள் கெடலாம் என்கிறோம். உடனே செக்சம் வருகிறது, ‘சரி’ என்ற ஒப்புகையும் ‘கெட்டது’ என்ற மறுப்பும் வருகின்றன, அனுப்புநர் பதிலுக்குக் காத்திருக்கும் இரண்டாவது நிலையும் வருகிறது. அடுத்த கேள்வியில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது: அந்தப் பதிலே கெட்டு வந்தால் என்ன செய்வது? மறுபடி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. மறுபடி அனுப்பினால் பெறுநர் இரண்டு முறை எடுத்துக்கொள்வார். ஆகவே rdt 2.1-இல் பாக்கெட்டுக்கு 0 அல்லது 1 என்று ஒரு பிட் எண் சேர்கிறது, அனுப்புநரின் நிலைகள் நான்காகின்றன.

கவனியுங்கள், இதுவரை ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. வரிசை எண் என்பது தொலைவதைக் கண்டுபிடிக்க வந்தது என்றுதான் நண்பர் எழுதுகிறார். அது அப்படி வரவில்லை. நாம் மருந்தாகக் கொடுத்த மறு அனுப்பல் உண்டாக்கிய இரட்டிப்பைத் தடுக்க வந்தது. நேராக டிசிபிக்குப் போனவருக்கு இது புலப்படாது, அவருக்கே புலப்படவில்லை. rdt 2.2-வில் மறுப்பு போய், ஒப்புகையே எண்ணைச் சுமந்து வருகிறது. மேலே எட்டாவது கவிழ்ப்பைத் தொலைத்த நிரலில் இல்லாமல் போனது அந்த ஒரு பிட்தான். தொலைவதற்கான டைமர் rdt 3.0-வில்தான் வருகிறது.

அந்த rdt 3.0-விலும் நண்பர் ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறார். பழைய எண்ணோடு ஒப்புகை வந்தால் அனுப்புநர் எதுவும் செய்யாமல் டைமருக்காகக் காத்திருக்கிறார், உடனே மறுபடி அனுப்பினால் வேகம் கூடும் என்கிறார். இந்த யோசனையை உலகம் ஏற்கெனவே பரிசோதித்துப் பட்டுவிட்டது. 1981-இல் RFC 783 வரையறுத்த டிஎஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையில், பழைய ஒப்புகை மறுபடி வந்தாலும் அதற்குரிய தரவைத் திரும்ப அனுப்பும் வழி இருந்தது. ஓர் ஒப்புகை தாமதமானால் அனுப்புநர் அந்தத் துண்டை மறுபடி அனுப்புவார். பெறுநர் இரண்டுக்கும் ஒப்புகை தருவார். இரண்டு ஒப்புகைக்கும் அடுத்த துண்டு இரண்டு முறை போகும், அதற்கும் இரண்டு ஒப்புகை வரும். ஒரே ஒரு தாமதத்துக்காகக் கோப்பு முடியும் வரை ஒவ்வொரு துண்டும் இரட்டையாகவே ஓடும். கோப்பு சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் பிழை வெளியே தெரியாது, வலையில் ஓடும் பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தவருக்கே தெரியும். 1989-இல் RFC 1123 இதைத் திருத்தியது: பழைய ஒப்புகை வந்ததற்காக அனுப்புநர் தரவை மறுபடி அனுப்பவே கூடாது. அந்த முறையில் துண்டுக்கு 16 பிட் எண் இருந்தும் பிழை நடந்தது. கெட்டது ஸ்டேட் மெஷினின் ஓர் அம்பு மட்டுமே. அம்பு வரையத் தேவையில்லை என்பவர் அதே அம்பைத் தப்பாக வரைந்து பரிந்துரைக்கிறார்.

கடைசியாக, ஒன்றை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் முறை இன்று எதற்கும் உதவாது என்கிறார். விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகமும், போய்வர 30 மில்லிவிநாடியும் ஆகும் தடத்தில் 8,000 பிட் பாக்கெட்டை இப்படி அனுப்பினால், தடம் வேலை செய்வது மொத்த நேரத்தில் 0.027 சதவீதம்தான். அந்தக் கணக்கு சரி, அங்கே பல பாக்கெட்டுகளை ஒருசேர அனுப்பும் முறைதான் வேண்டும். பாக்கெட்டுகள் முன்பின்னாக மாறி வரும் வலையில் ஒரு பிட் எண் போதாது என்பதும் உண்மை, டிசிபி 32 பிட் வைத்திருக்கிறது. ஆனால் மழைமானி சில நிமிடத்துக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது, வழியும் ஒன்றே, முந்திப் போக இடமில்லை. பார்ட்லெட், ஸ்கேன்டில்பரி, வில்கின்சன் மூவரும் 1969-இல் வெளியிட்ட அந்த ஒற்றைப் பிட் முறையை, கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச்களில் இருக்கும் குறைமின் புளூடூத் இன்றும் பயன்படுத்துகிறது. பாக்கெட்டின் தலைப்பில் அனுப்பும் எண்ணுக்கு ஒரு பிட், எதிர்பார்க்கும் எண்ணுக்கு ஒரு பிட்.

நண்பர் தன் நிரலை ஊர்க் கணக்குக்கு விடுவதற்கு முன் இரண்டு பெட்டிகளையும் ஒரே மேசையில் வைக்கட்டும். தரவைத் தொடாமல் ஒப்புகையில் மட்டும் மூன்றில் ஒன்றைத் தடுக்கட்டும், இன்னும் சிலவற்றை இரண்டு விநாடிக்கு மேல் நிறுத்தி விடட்டும். வாளி கவிழ்ந்ததையும் பெட்டி எண்ணியதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, எந்தப் படியை வெட்டலாம் என்று பிறகு சொல்லட்டும்.