புது டிவியில் சினிமா, சீரியல் மாதிரி தெரிகிறதா?

உடன்குடியில் ஒரு வீடு. 55 இன்ச் டிவி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பேரன் ‘கர்ணன்’ படத்தைப் போட்டான். மேலே எறிந்த மீனைத் தனுஷ் வாளால் வெட்டும் காட்சி வந்தது. தியேட்டரில் அதை ரசித்துப் பார்த்த தாத்தா, “என்னல இது, படம் நாடகம் மாதிரில்லா ஓடுது!” என்றார். கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணில்தான் கோளாறோ என்று அவருக்குப் பயம். “எனக்கும் அப்படித்தான் தெரியுது தாத்தா” என்றான் பேரன்.

கோளாறு கண்ணில் இல்லை, டிவியின் செட்டிங்கில் இருக்கிறது.

சினிமாவை வினாடிக்கு 24 படங்களாக எடுக்கிறார்கள். வேகமான அசைவு ஒவ்வொரு படத்திலும் லேசாகக் கலங்கிப் பதியும். நம் கண்ணுக்குப் பழகிய ‘சினிமா லுக்’ அதுதான். டிவியோ வினாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. எனவே ஒரு படத்தை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என மாற்றி மாற்றிக் காட்டி 60 ஆக்கும். இதனால் கேமரா மெதுவாகத் திரும்பும்போது லேசாகத் துள்ளும்.

அந்தத் துள்ளலைப் போக்கத்தான் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வந்தது. இரண்டு படங்களை ஒப்பிட்டு, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து, கேமரா எடுக்காத படங்களை டிவியே உருவாக்கிச் செருகும். வீடியோ கேமராவில் எடுத்த நாடகங்கள் வினாடிக்கு 50 முறை அசைவைக் காட்டிப் பழக்கியவை. அதே வழுவழுப்பு சினிமாவில் வந்ததும் நடிகர்கள் ஒத்திகை பார்ப்பதுபோல் தெரிகிறது. வாள்வீச்சு மாதிரி வேகமான அசைவில் ஊகம் தப்பினால், விளிம்பைச் சுற்றி நீர் நெளிவதுபோல் தெரியும்.

உலகம் முழுக்க இதே புகார்தான். 2018 டிசம்பரில் நடிகர் டாம் க்ரூஸ், இதை அணைக்கச் சொல்லி வீடியோவே வெளியிட்டார். மறு ஆண்டு இதற்கென `Filmmaker Mode` அறிவிக்கப்பட்டது.

அணைப்பது எப்படி? படம் ஓடும்போதே `Settings`, பிறகு `Picture` போங்கள். `Filmmaker Mode` இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் எல்ஜியில் `TruMotion`, சோனியில் `Motionflow`, சாம்சங்கில் `Picture Clarity` அல்லது `Auto Motion Plus`, வேறு பல டிவிகளில் `MEMC` என்று தேடி `Off` செய்யுங்கள். மாடலுக்கு மாடல் இது இருக்கும் இடம் மாறும். பெரும்பாலும் `Advanced` அல்லது `Expert` பகுதிக்குள் இருக்கும்.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. பல டிவிகளில் ஓடிடி ஆப்புக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் செட்டிங் தனித்தனி. ஒன்றில் அணைத்தால் மற்றதில் அப்படியே இருக்கும். இரண்டிலும் அதே வேகமான காட்சியைப் போட்டுப் பாருங்கள். விளிம்பு நெளிவு போயிருந்தால் சரி. லேசான துள்ளல் திரும்ப வரும், அது சினிமாவின் இயல்பு. கிரிக்கெட் பார்க்கும்போது வேண்டுமானால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

உடன்குடி வீட்டில் பேரன் அணைத்துவிட்டு, மீன் வெட்டும் காட்சியை மறுபடி ஓட்டினான். “இப்பத்தாம்ல படம்” என்றார் தாத்தா.