களியக்காவிளையைத் தாண்டினா கார் கண்ணாடி சட்டம் மாறுமா?

2024 செப்டம்பருக்குப் பிறகு நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பலரோட வாட்ஸ்அப்பில் ஒரே பேச்சு: "மக்கா, கேரளத்துல கூலிங் ஃபிலிமுக்கு அனுமதி கொடுத்தாச்சு." தினமும் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போய் வரும் நம்ம பிள்ளைகளுக்கு இது சும்மா செய்தி இல்லை. அதே கார், அதே கண்ணாடி. காலையில் எல்லைக்கு அந்தப் பக்கம், ராத்திரி இந்தப் பக்கம். அங்கே சரின்னா இங்கே எப்படித் தப்பாகும்?

பழைய கதையில இருந்து வருவோம். மத்திய மோட்டார் வாகன விதி 100, கார் கண்ணாடி வழியாக எவ்வளவு வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்று சொல்கிறது. முன், பின் கண்ணாடிகளுக்குக் குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளுக்கு 50 சதவீதம். 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த அளவு கண்ணாடிக்கே உரியது, அதன் மேல் எந்த ஃபிலிமும் ஒட்டக்கூடாது, எத்தனை சதவீதமாக இருந்தாலும் சரி என்று தீர்ப்பளித்தது. ரோட்டில் ஃபிலிமைப் பார்த்ததும் போலீஸ் கிழிப்பது அன்று தொடங்கியதுதான்.

பிறகு விதியே மாறியது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 'பாதுகாப்புக் கண்ணாடி'யோடு 'சேஃப்டி கிளேசிங்' என்ற சொல்லும் சேர்ந்தது. உட்பக்கம் பிளாஸ்டிக் படலம் பொருத்திய கண்ணாடியும் அதற்கான இந்தியத் தர நிர்ணயத்தில் இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் பிடித்துக்கொண்டது இதைத்தான். 2012 தீர்ப்பு பழைய விதியைப் பற்றியது. புதிய விதிப்படி 70, 50 அளவு குறையாமல் இருந்தால் படலம் குற்றமில்லை. அதை கம்பெனிதான் பொருத்த வேண்டும் என்றும் இல்லை, உரிமையாளரும் பொருத்தலாம் என்றது அந்தத் தீர்ப்பு.

வாதம் நியாயமானதுதான். ஆனால் கேரள உயர் நீதிமன்றத்தின் விளக்கம் தமிழ்நாட்டு அதிகாரிகளைக் கட்டுப்படுத்தாது. இங்கே வழக்கு வந்தால் உங்கள் வக்கீல் அதை எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். செக்போஸ்ட்டில் நிற்கும்போது அந்தத் தீர்ப்பை போனில் காட்டிப் பிரயோஜனமில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கு. கேரளத்திலேயேகூட பலரது கார் தேறாது. காரணம் வெறும் கணக்கு. கடையில் '50 சதவீத ஃபிலிம்' என்று விற்கிறார்களே, அது ஃபிலிமின் அளவு மட்டும். கார் கண்ணாடியே வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தடுக்கும். உங்கள் பக்கக் கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் உள்ளே வருவது 75-இல் பாதி, அதாவது 37.5 சதவீதம். விதி கேட்பது 50. 70 சதவீத ஃபிலிம் போட்டால் 52.5, மயிரிழையில் தப்பலாம். அதையே முன் கண்ணாடியில் ஒட்டினால் அதே 52.5 தான் வரும், அங்கே தேவை 70. முன்பக்கம் பாஸாக வேண்டுமென்றால் ஃபிலிம் கிட்டத்தட்ட நிறமே இல்லாததாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டதை 'கருப்பா வேணும்' என்று கேட்டு வருகிற யாரும் வாங்கப்போவதில்லை!

பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கணும். கண்ணாடியைப் பாதி இறக்கி மேல் விளிம்பைப் பாருங்கள். ஃபிலிம் என்றால் விளிம்புக்குச் சற்று முன்னாலேயே நிறம் நின்றுவிடும், நகத்தில் தட்டும். கம்பெனியிலேயே நிறம் சேர்த்த கண்ணாடியில் நிறம் விளிம்பு வரை ஒரே சீராக இருக்கும்.

இந்த எல்லை வாதத்தை சைலன்சருக்கும் நம்பர் பிளேட்டுக்கும் நீட்டிக்க வேண்டாம். சத்தம் கூட்டும் சைலன்சருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸும் 3 மாதம் போகலாம். கார் நம்பர் பிளேட் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். இரண்டும் பாறசாலையிலும் ஒன்றுதான், குழித்துறையிலும் ஒன்றுதான்.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் குழப்பத்தை உண்டாக்கியது வண்டி ஓட்டுகிறவர் இல்லை. விதியைத் திருத்திய மத்திய அரசு, பழைய தீர்ப்பு இனி எப்படிப் பொருந்தும் என்பதை அப்போதே தெளிவாக்கியிருக்கணும். தமிழக போக்குவரத்துத் துறை செய்யக்கூடியது எளிது: திருத்தப்பட்ட விதியை எப்படி அமல்படுத்துகிறோம் என்று ஒரு சுற்றறிக்கை, களியக்காவிளை மாதிரி இடங்களில் ஒளி ஊடுருவலை அளக்கும் கையடக்க மீட்டர். கண்ணால் பார்த்து 'இது கருப்பு' என்று முடிவு செய்கிற வரை, 52 சதவீதக் கண்ணாடிக்கும் 20 சதவீதக் கண்ணாடிக்கும் ஒரே அபராதம்தான்.

அதுவரை வெயிலுக்கு என்ன வழி? கம்பெனியிலேயே வெப்பம் குறைக்கும் கண்ணாடியோடு வரும் மாடலைக் கேட்டு வாங்கலாம். நிறுத்தும்போது மட்டும் டாஷ்போர்டில் சன்ஷேடு வைக்கலாம். ஏற்கெனவே ஃபிலிம் ஒட்டியவர்கள், மொத்த அளவை மீட்டரில் காட்டி பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.