சும்மா இருக்கும் தசை எவ்வளவு செலவழிக்கும்?

‘ஒரு கிலோ தசை கூடினால் போதும், சும்மா சோஃபாவில் உட்கார்ந்திருந்தாலே தினமும் நூறு கலோரிக்கு மேல் கரையும்.’ ஜிம் விளம்பரங்களிலும் ரீல்ஸிலும் அடிக்கடி காதில் விழும் வாக்குறுதி இது. அமெரிக்காவில் ‘ஒரு பவுண்டுக்கு 50 கலோரி’ என்று சொல்வார்கள். கிலோ கணக்கில் அது 110 கலோரி. கேட்கவே இனிப்பாக இருக்கிறது. ஆறு மாதம் டம்பிள் தூக்கினால், அதன்பிறகு உட்கார்ந்த இடத்திலேயே எடை குறையும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இது சரியா என்று பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு பெருக்கல் கணக்கு போதும்.

58 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மருத்துவ நூல்கள் மாதிரியாக வைத்துக்கொள்ளும் உடல் இது. இதில் தசை மட்டும் சுமார் 17 கிலோ. கிலோவுக்கு 110 கலோரி என்றால், தசையின் செலவே ஒரு நாளைக்கு 1,870 கலோரி ஆகிவிடும். ஆனால், இப்படிப்பட்ட ஒரு பெண் நாள் முழுக்க அசையாமல் படுத்திருந்தால், தலை முதல் கால் வரை மொத்த உடலுக்கும் செலவாவது ஏறக்குறைய 1,330 கலோரிதான். ஒரு உறுப்பின் செலவு முழு உடலின் செலவைவிட அதிகமாக இருக்க முடியுமா? வாக்குறுதி இங்கேயே கவிழ்ந்துவிடுகிறது.

அப்படியானால் உண்மைக் கணக்கு என்ன? ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் எவ்வளவு ரத்தம் போகிறது, உள்ளே போகும்போது அதில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தது, வெளியே வரும்போது எவ்வளவு மிச்சம் என்று அளந்தால், அந்த உறுப்பு எரித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இப்படிக் கிடைத்த அளவுகளைத் தொகுத்து 1992-ல் மரினோஸ் எலியா என்ற ஆய்வாளர் ஒரு பட்டியல் வெளியிட்டார். இன்றும் ஊட்டச்சத்துத் துறையினர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் பட்டியல் அது. அதன்படி, ஒரு கிலோ மூளை ஒரு நாளைக்கு 240 கலோரி செலவழிக்கிறது. ஒரு கிலோ கல்லீரல் 200 கலோரி. ஒரு கிலோ தசை? வெறும் 13 கலோரி.

இப்போது அதே பெண்ணிடம் வருவோம். அவரது மூளை 1.2 கிலோ; செலவு 288 கலோரி. கல்லீரல் 1.4 கிலோ, செலவு 280 கலோரி. 17 கிலோ தசை அத்தனையும் சேர்ந்து 221 கலோரி. அதாவது, மூளையும் கல்லீரலும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்ள, உடல் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் இருக்கும் தசைக்கு ஆறில் ஒரு பங்குதான். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இதயத்தையும் இரண்டு சிறுநீரகங்களையும் சேர்த்தால் அரைக் கிலோதான் தேறும். அவை கிலோவுக்கு 440 கலோரி செலவழிப்பவை. அந்த அரைக் கிலோவின் செலவு 227 கலோரி. 17 கிலோ தசையைவிட ஒரு படி அதிகம்! தசை அதிகமுள்ள ஆண்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். 70 கிலோ ஆணிடம் 28 கிலோ தசை இருக்கும். அதன் பங்கு ஐந்தில் ஒன்றை எட்டி, மூளைக்கும் கல்லீரலுக்கும் சமமாக நிற்கும். அவ்வளவுதான்.

ஏன் இந்த வித்தியாசம்? வீட்டு கரன்ட் பில்லை நினைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜ் இரவு பகலாக ஓடுகிறது. கிரைண்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சுவிட்சைப் போடாதவரை மீட்டர் சுற்றாது. மூளை அந்த ஃபிரிட்ஜ் மாதிரி. ஒவ்வொரு நரம்பு செல்லும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இறைப்பு நின்றால் அடுத்த சமிக்ஞையை அனுப்ப முடியாது. நீங்கள் தூங்கினாலும் அது ஓடும். கடினமான கணக்குப் போட்டால் மூளையின் மொத்தச் செலவு பெரிதாக எகிறிவிடாது என்பதும் இதனால்தான்; பரீட்சைக்குப் படித்து இளைத்ததாகச் சொல்பவர்கள் வேறு காரணம் தேட வேண்டும்.

இந்த மூளைக்குச் சாப்பாடு போடுவது பெரும்பாலும் கல்லீரல். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை வரை எதுவும் சாப்பிடாமல் இருக்கும்போதும், மணிக்கு சுமார் 5 கிராம் குளுக்கோஸ் மூளைக்குத் தேவை. சேமித்து வைத்ததை உடைத்தும், புதிதாகத் தயாரித்தும் அதை ரத்தத்தில் விடுவது கல்லீரல். கூடவே அமோனியாவை யூரியாவாக மாற்றுவது, ரத்தப் புரதங்களைத் தயாரிப்பது என்று அதற்கு வேலை ஓய்வதில்லை. தசையோ, சுருங்காமல் கிடக்கும்போது தன்னைப் பராமரித்துக்கொள்ள மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

சரி, நம் மாதிரிப் பெண் விடாமல் பயிற்சி செய்து 2 கிலோ தசையைக் கூட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது லேசான சாதனை அல்ல. மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஓய்வில் அவருக்குக் கிடைக்கும் கூடுதல் செலவு 26 கலோரி. காபியில் போடும் ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரையில் அது தீர்ந்துவிடும். அதே நேரத்தில் 2 கிலோ கொழுப்பு குறைந்திருந்தால் இன்னும் 9 கலோரியைக் கழிக்க வேண்டும். ஏனென்றால் கொழுப்பும் கிலோவுக்கு நாலரை கலோரி செலவழிக்கிறது.

‘ஆனால், ஜிம் மெஷினில் ஏறி நின்றபோது என் பி.எம்.ஆர். கூடியிருப்பதாகக் காட்டியதே?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மெஷின் கலோரியை அளப்பதில்லை. உடலுக்குள் மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, கொழுப்பில்லாத எடை எவ்வளவு என்று ஊகிக்கிறது. அதை ஒரு சூத்திரத்தில் போட்டு விடையைத் திரையில் காட்டுகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரத்தில், கொழுப்பில்லாத எடை ஒரு கிலோ கூடினால் 21.6 கலோரி கூடும். இந்தக் ‘கொழுப்பில்லாத எடை’ தசை மட்டுமல்ல. மூளை, கல்லீரல், இதயம், எலும்பு, உடலில் உள்ள நீர் எல்லாம் அதில் அடக்கம். பெரிய உடம்புக்காரருக்குத் தசையும் பெரிது, கல்லீரலும் பெரிது. அதனால் அவரது செலவு அதிகம். சூத்திரம் இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சராசரி போடுகிறது. நீங்கள் தண்டால் எடுத்தால் வளர்வது தசை, மூளை வளராது. எனவே திரையில் கூடும் எண் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும். உண்மையாக அளக்க வேண்டுமென்றால், வெறும் வயிற்றில் அசையாமல் படுத்து, முகத்தில் மூடி மாட்டி, மூச்சில் செலவாகும் ஆக்சிஜனைக் கணக்கிட வேண்டும்.

13 கலோரி என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அது அமைதியாக இருக்கும் தசையின் கணக்கு. கடுமையான பயிற்சிக்கு அடுத்த ஓரிரு நாள், சிதைந்த புரதத்தைச் சரிசெய்யும் வேலை நடப்பதால் செலவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பயிற்சியை நிறுத்தினால் அந்தக் கூடுதல் போய்விடும்.

தசை உண்மையில் செலவாளியாக மாறுவது சுவிட்சைப் போடும்போதுதான். தீவிரமாக ஓடும்போது அதன் செலவு பல பத்து மடங்கு எகிறி, மூளையும் கல்லீரலும் எங்கோ பின்னால் நிற்கும். அவ்வளவுகூட வேண்டாம். அதே 58 கிலோ பெண் அரை மணி நேரம் சற்று வேகமாக நடந்தால், உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது சுமார் 70 கலோரி. மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த அந்த 2 கிலோ தசை, சும்மா கிடந்து ஏறக்குறைய இரண்டே முக்கால் நாளில் தரும் செலவு அது.